பைபேக்கில் பங்கைக் கொடுத்தவருக்கு லாபமா, நஷ்டமா? கணக்கு போடும் முறை

2025 நவம்பரில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியது. ஒரு பங்குக்கு 1,800 ரூபாய் வீதம் 10 கோடி பங்குகள், மொத்தம் 18,000 கோடி ரூபாய். சந்தையில் அப்போது அந்தப் பங்கின் விலை 1,500-ஐ ஒட்டி இருந்ததால், வைத்திருந்தவர்களில் பலர் யோசிக்காமல் டெண்டரில், அதாவது நிறுவனத்துக்கே பங்கைத் திருப்பி விற்கும் ஏற்பாட்டில், கொடுத்தார்கள். 1,400-க்கு வாங்கினேன், 1,800 கிடைத்தது, பங்குக்கு 400 லாபம் என்பது அவர்கள் மனக்கணக்கு. கையில் வந்த காசைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மூலதன லாபம் இல்லை. மாறாக, பங்குக்கு 1,400 ரூபாய் நஷ்டம்!

இது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால்தான் அந்த ஆண்டின் ரிட்டர்னைச் சரியாக நிரப்ப முடியும். டெண்டரில் கொடுத்தது லாபமா என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை கிடைக்கும். 2024 அக்டோபர் 1 முதல் 2026 மார்ச் 31 வரை இந்தியாவில் நடந்த பைபேக்குகளுக்கெல்லாம் இதே முறைதான்.

முதலில், சாதாரணமாகப் பங்கை விற்றால் கணக்கு எப்படி? விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிக்கிறோம். மிச்சம் வந்தால் லாபம், குறைந்தால் நஷ்டம். பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகாலக் கணக்கு. அதற்குள் விற்றால் குறுகிய காலக் கணக்கு. நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம். இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ளன.

பைபேக்கிலும் நீங்கள் பங்கைக் கொடுத்துப் பணம் வாங்குகிறீர்கள். வாங்குபவர் மட்டும் வேறு. சந்தையில் யாரோ ஒருவர் வாங்குகிறார். இங்கே நிறுவனமே வாங்கி, வாங்கிய பங்கை ரத்து செய்துவிடுகிறது. அதாவது நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து பணம் வெளியேறி பங்குதாரர்களிடம் போகிறது. டிவிடெண்ட் கொடுத்தாலும் நடப்பது இதுதானே என்பது அரசின் வாதம். அதனால் 2024-ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டம், பைபேக்கில் கிடைக்கும் தொகை முழுவதையும் டிவிடெண்டாகக் கருதச் சொன்னது. கவனியுங்கள், லாபத்தை மட்டும் அல்ல, முழுத் தொகையையும். நீங்கள் போட்ட முதலும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அப்படியானால் போட்ட முதல் என்ன ஆகும்? அதற்குத்தான் 46ஏ பிரிவில் ஒரு ஏற்பாடு. மூலதன லாபக் கணக்கு போடும்போது, பைபேக்கில் உங்களுக்குக் கிடைத்த விலை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற விலை பூஜ்யம், வாங்கிய விலை 1,400; கழித்தால் 1,400 நஷ்டம். போட்ட முதல் முழுவதும் மூலதன நஷ்டமாக உங்கள் கணக்கில் ஏறுகிறது. கிடைத்த தொகைக்கு ஏற்கெனவே டிவிடெண்ட் என்ற பெயரில் வரி போட்டாகிவிட்டது, அதே தொகையை விற்பனை விலையாகவும் எடுத்தால் இரண்டு முறை வரி ஆகிவிடும் என்பதுதான் பூஜ்யம் வந்த காரணம்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 110 இன்ஃபோசிஸ் பங்குகள் இருக்கின்றன. எல்லாமே 2023-இல் 1,400 ரூபாய்க்கு வாங்கியவை. பதிவுத் தேதியான 2025 நவம்பர் 14 அன்று அவரிடம் இருந்த பங்குகளின் மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டவில்லை, அதனால் சிறு பங்குதாரர் பிரிவில் வருகிறார். அந்தப் பிரிவுக்கு 11 பங்குக்கு 2 பங்கு என்ற விகிதம் கிடைத்தது. ஆக அவருடைய உரிமை 20 பங்குகள். அந்த 20-ஐ மட்டும் கொடுத்தார், நிறுவனமும் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 20 பங்குக்கு 1,800 வீதம் 36,000 ரூபாய்.

இந்த 36,000 ஒரு பக்கம் டிவிடெண்டாகப் போகிறது. ரிட்டர்னில் இதர வருமானம் என்ற தலைப்பில் வரும். இன்னொரு பக்கம் 20 பங்கு வாங்கிய விலை 28,000 ரூபாய், நீண்டகால மூலதன நஷ்டமாகப் பதிவாகிறது. 2023-இல் வாங்கியதால் 12 மாதம் தாண்டிவிட்டது, எனவே நீண்டகாலம். 36,000-இல் 28,000 போனால் 8,000. கையில் கிடைத்த உண்மையான லாபமும் 8,000. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எதுவும் தொலைந்துபோகவில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று தொட முடியாது. மூலதன நஷ்டத்தை மூலதன லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். டிவிடெண்டில் கழிக்க முடியாது, சம்பளத்தில் கழிக்க முடியாது, வட்டி வருமானத்திலும் முடியாது. அதிலும் நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகிய கால நஷ்டமென்றால் இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். ஆக, 36,000-க்கு இந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். 28,000 நஷ்டமோ வேறெங்காவது லாபம் வந்தால்தான் உதவும்.

நம் உதாரணத்து ஆள் 30 சதவீத வரம்பில் இருப்பவர் என்றால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம். 36,000-க்கு வரி 11,232 ரூபாய். உண்மையில் சம்பாதித்தது 8,000, வரி 11,232. அதாவது 3,232 ரூபாயைக் கையிலிருந்து போடுகிறார். அவருக்கு அதே ஆண்டில் வேறு பங்குகளிலோ ஃபண்டிலோ 1.25 லட்சத்துக்கு மேல் நல்ல அளவு நீண்டகால லாபம் இருந்தால், 28,000 நஷ்டத்தை அதில் கழித்து, செஸ்ஸோடு 13 சதவீத வீதம் 3,640 ரூபாய் மிச்சப்படுத்தலாம். அப்போதும் நிகர வரி 7,592. எட்டாயிரம் லாபத்தில் 408 ரூபாய்தான் மிஞ்சுகிறது.

அதே 20 பங்கை டெண்டரில் கொடுக்காமல் சந்தையில் 1,540-க்கு விற்றிருந்தால்? பங்குக்கு 140 வீதம் 2,800 லாபம். 13 சதவீதம் கட்டினாலும் 364 ரூபாய் வரி, கையில் 2,436. 260 ரூபாய் குறைந்த விலைக்கு விற்றவர் அதிகம் சம்பாதிக்கிறார். அதிக வரி வரம்பில் இருப்பவர்கள் 1,800 என்ற எண்ணைப் பார்த்து மயங்காமல், முதலில் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இன்ஃபோசிஸின் நிறுவனர் குடும்பங்கள் அந்த பைபேக்கில் பங்கேற்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் இதே முடிவு இல்லை. புதிய வரி முறையில் 2025-26 ஆண்டில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு 87ஏ தள்ளுபடி உண்டு. மூலதன லாபம் போன்ற தனி விகித வருமானங்களுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது, ஆனால் டிவிடெண்டுக்குப் பொருந்தும். அப்படிப்பட்டவருக்கு 36,000-க்கு வரி பூஜ்யம். 8,000 முழுசாகக் கையில். அதற்கு மேல் 28,000 நஷ்டமும் கணக்கில் இருக்கிறது, பிற்காலத்தில் லாபம் வரும்போது கழித்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்றவர்கள், சொந்த வருமானம் குறைவாக உள்ள இல்லத்தரசிகள் போன்றோருக்கு இந்த பைபேக் உண்மையிலேயே நல்ல வாய்ப்பாக இருந்தது.

12 லட்சத்தின் விளிம்பில் நிற்பவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வருமானம் சரியாக 12 லட்சம் இருக்கிறது, பைபேக்கால் 12,36,000 ஆகிறது என்று வையுங்கள். அதுவரை வரியே இல்லாதவருக்கு இப்போது வரி வருகிறது. விளிம்பு நிவாரணத்தின்படி, 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. தாண்டிய தொகை 36,000, வரியும் 36,000, செஸ் சேர்த்து 37,440. பைபேக்கில் வந்த முழுப் பணமும் போய், மேலே 1,440 கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

டிடிஎஸ் பற்றிச் சுருக்கமாக. டிவிடெண்ட் என்பதால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பும். 2025-26-இல் ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. 36,000-இல் 3,600 பிடித்து, வங்கிக்கு 32,400 வரும். இந்த 32,400-ஐ வருமானமாக எழுதக்கூடாது. வருமானம் 36,000 தான். பிடித்த 3,600 முன்கூட்டியே கட்டிய வரி. 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு இது ரீஃபண்டாகத் திரும்பும். இன்னொன்று, கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் 2025-26-இல் சாதாரண டிவிடெண்டுக்கு எதிராக வட்டியை ஓரளவு கழிக்கலாம். பைபேக் டிவிடெண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தச் செலவும் கழிக்க முடியாது.

இனி, வாங்கிய விலை எது என்ற கேள்வி. மேலே உதாரணத்தில் எல்லாப் பங்கும் ஒரே விலைக்கு வாங்கியதாக எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருப்போம். டீமேட் கணக்கில் உள்ள பங்குகளுக்கு விதி ஒன்றுதான்: முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். எந்தப் பங்கைக் கொடுக்கிறேன் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சராசரி விலையும் எடுக்கக்கூடாது. புரோக்கர் செயலியில் பளிச்சென்று தெரியும் சராசரி விலை, வரிக் கணக்குக்கு உதவாது.

இதில் போனஸ் பங்குதான் பலரையும் பதம் பார்க்கிறது. அதே 110 பங்கு வைத்திருக்கும் வேறொருவரை எடுத்துக்கொள்வோம். இவர் 2017-இல் 10 பங்கை 950 ரூபாய்க்கு வாங்கினார். 2018 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. இன்னொரு 10 பங்கு சும்மா வந்தது. மீதி 90 பங்கை 2023-இல் 1,400-க்கு வாங்கினார். இப்போது பைபேக்கில் 20 பங்கு போகிறது. எந்த 20? பழைய 10-உம் போனஸ் 10-உம். போனஸ் பங்கின் அடக்க விலை பூஜ்யம். ஆக அவருக்குக் கிடைக்கும் மூலதன நஷ்டம் 9,500 மட்டுமே. போனஸ் பங்கில் பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. டிவிடெண்ட் மட்டும் குறையாமல் அதே 36,000.

2018 ஜனவரி 31-க்கு முன்பு வாங்கிய பங்குகளுக்கு ஒரு சலுகை உண்டே என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தேதியின் சந்தை விலையை அடக்க விலையாக எடுக்கலாமே என்று. அந்த விதியை முழுக்கப் படித்தால், அன்றைய சந்தை விலையையும் விற்ற விலையையும் ஒப்பிட்டு, இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும். அதை உண்மையான அடக்கத்தோடு ஒப்பிட்டு, அதிகமானதை எடுக்க வேண்டும். பைபேக்கில் விற்ற விலை பூஜ்யம். அப்போது குறைந்தது எப்போதும் பூஜ்யம்தான். கடைசியில் நிற்பது நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. அதனால் 2017 பங்குக்கு 950-ஐத்தான் எடுத்திருக்கிறோம். நஷ்டத்தைப் பெரிதாக்கிக் காட்ட இந்தச் சலுகை வழி விடாது.

நஷ்டத்தைக் கழிப்பதிலும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அதே ஆண்டில் உங்களுக்கு 1 லட்சம் நீண்டகால லாபம் இருந்தால், 1.25 லட்ச விலக்கினால் அதற்கு எப்படியும் வரி இல்லை. ஆனால் நஷ்டத்தை இந்த ஆண்டு விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. முதலில் கழித்தாக வேண்டும், அப்புறம்தான் விலக்கு. 28,000 நஷ்டம் அந்த 1 லட்சத்தில் கரைந்து, பைசா பயனில்லாமல் போய்விடும். லாபமே இல்லாத ஆண்டென்றால் நஷ்டம் அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்படி 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம், கெடுத் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும். டிவிடெண்டுக்குத்தான் வரி வரவில்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

படிவத்திலும் கவனம் வேண்டும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக ஐடிஆர்-1 உதவாது. தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2. அதில் பைபேக் தொகையை இதர வருமானத்தில், டிவிடெண்டில் அதற்கென்று உள்ள இடத்தில் காட்ட வேண்டும். மூலதன லாபப் பகுதியில் பைபேக் நஷ்டத்துக்குத் தனி இடம் இருக்கிறது. இதர வருமானத்தில் டிவிடெண்டைக் காட்டியவருக்குத்தான் இந்த நஷ்டம் அனுமதிக்கப்படும். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் கணக்கு நிற்காது.

தவறு பெரும்பாலும் புரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. அந்த அறிக்கை பைபேக்கைச் சாதாரண விற்பனையாக எடுத்து, 1,800-க்கு விற்றது, 8,000 லாபம் என்று காட்டியிருக்கலாம். சில அறிக்கைகளில் அந்த 20 பங்கும் விலையே இல்லாமல் வெளியே போனதாக மட்டும் இருக்கும். வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் பக்கத்திலோ 36,000 டிவிடெண்ட் என்று நிற்கும். இரண்டையும் அப்படியே எடுத்து எழுதினால், 36,000-க்கும் வரி, 8,000-க்கும் வரி. 28,000 நஷ்டமும் கைவிட்டுப்போகும். கண்டுபிடிப்பது எளிது: உங்கள் மூலதன லாபப் பட்டியலில் பைபேக் பங்குக்கு எதிரே விற்ற விலை என்ற இடத்தில் பூஜ்யம் தவிர வேறு எந்த எண் இருந்தாலும் அது தவறு.

2024 அக்டோபருக்கு முன்பு கணக்கே வேறு. அப்போது பைபேக் வரியை நிறுவனமே கட்டியது, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 23.296 சதவீதம். பங்குதாரருக்கு வந்த பணத்துக்கு வரி கிடையாது. லாபத்தையும் கணக்கில் காட்ட வேண்டியதில்லை, நஷ்டத்தையும் கோர முடியாது. நம் உதாரணத்து 8,000 அன்றைக்கு முழுசாகக் கைக்கு வந்திருக்கும்.

2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் இது மறுபடி மாறியது. 2026 ஏப்ரல் 1 முதல் பைபேக் தொகையை எல்லாப் பங்குதாரருக்கும் மூலதன லாபமாகவே எடுக்கலாம் என்று நிதியமைச்சர் முன்வைத்தார். புரமோட்டர்களுக்கு மட்டும் கூடுதல் வரி. அதாவது நாம் முதலில் பார்த்த சாதாரண விற்பனைக் கணக்கு: 36,000-இல் 28,000 போக 8,000 லாபம். நீண்டகாலம் என்றால், 1.25 லட்ச விலக்கைத் தாண்டியிருந்தால் மட்டும் 1,040 ரூபாய் வரி. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கும் இதே 1,040 தான். 2025 நவம்பரில் அதே பங்குக்கு 11,232 கட்டியவருக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அன்று பதிவான 28,000 நஷ்டத்தை அவர் கெடுவுக்குள் ரிட்டர்னில் காட்டி, அது இன்னும் கழியாமல் இருந்தால், பின்னால் வரும் பைபேக்கில் கிடைக்கும் நீண்டகால லாபத்திலும் அதைக் கழித்துக்கொள்ளலாம்.